பதினொரு ஆண்டு கழித்துப் படிக்கப்பட்ட மினிட்ஸ்

2001 பிப்ரவரி 15 அன்று ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹார்டி நிறுவனத்தின் இயக்குநர் குழு கூடியது. ஆஸ்பெஸ்டாஸ் கலந்த கட்டுமானப் பொருள்களைப் பல்லாண்டு காலம் விற்ற நிறுவனம் அது. அந்த நாரைச் சுவாசித்து நோயுற்றவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பொறுப்பைச் சுமந்த இரண்டு துணை நிறுவனங்களைத் தனியாகப் பிரித்து, புதிதாக அமைக்கும் ஓர் அறக்கட்டளையிடம் ஒப்படைப்பதுதான் திட்டம். மறுநாள் பங்குச் சந்தைக்கு ஓர் அறிவிப்பு போனது. நியாயமான கோரிக்கைகள் அனைத்துக்கும் ஈடுகொடுக்க அறக்கட்டளையிடம் போதிய பணம் இருக்கிறது என்றது அறிவிப்பு. பணம் போதவில்லை.

சில ஆண்டுகள் கழித்து ஆஸ்திரேலியாவின் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் இயக்குநர்கள் மேல் வழக்குத் தொடுத்தது. தவறான அறிவிப்பை நீங்கள்தானே அனுமதித்தீர்கள் என்பது ஆணையத்தின் கேள்வி. அப்படியொரு வரைவு எங்கள் முன் வந்து நாங்கள் ஒப்புதல் தந்ததாகச் சொல்லவே முடியாது என்று இயக்குநர்கள் வாதாடினார்கள். ஆணையத்தின் கையில் இருந்த வலுவான ஆதாரம் மினிட்ஸ். பங்குச் சந்தை அறிவிப்பின் வரைவு கூட்டத்தில் வைக்கப்பட்டது, குழு அதை ஏற்று அனுப்பத் தீர்மானித்தது என்று அதில் எழுதியிருந்தது. அந்த மினிட்ஸைச் சரியென்று அடுத்த ஏப்ரல் கூட்டத்தில் ஏற்றுக்கொண்டவர்களும் அதே இயக்குநர்கள்தாம்.

விசாரணை நீதிமன்றம் மினிட்ஸை நம்பியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் நம்ப மறுத்தது. 2012 மே மாதம் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் மினிட்ஸுக்கே திரும்ப உயிர் கொடுத்தது. அது அந்நாட்டின் உச்ச அமைப்பு. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அந்த மினிட்ஸ் யோக்கியமான ஆவணமாக இருக்கவில்லை. வழக்கறிஞர்கள் அதைக் கூட்டத்துக்கு முன்பே எழுதி வைத்திருந்தார்கள். நடந்ததோடு ஒட்டாத சில விவரங்கள் அதில் அப்படியே தங்கிவிட்டன. சந்தைக்குப் போன அறிவிப்பும் கூட்டத்தில் வைத்ததாகச் சொல்லப்பட்ட வரைவும் வரிக்கு வரி ஒன்றல்ல. இயக்குநர்கள் இவற்றையெல்லாம் தங்களுக்குச் சாதகமாக எடுத்து வைத்தார்கள். நீதிமன்றம் சுருக்கமாகச் சொன்னது இது: சில இடங்களில் பிழை இருக்கிறது என்பதால் தீர்மானமே நிறைவேறவில்லை என்று ஆகிவிடாது, நடந்து சில வாரங்களுக்குள் நீங்களே ஏற்ற பதிவு இது.

தொலைபேசி வழியே அமெரிக்காவிலிருந்து கலந்துகொண்ட இரண்டு இயக்குநர்கள் கதை இன்னும் பரிதாபம். அவர்கள் கையில் அந்த வரைவே இல்லை. அதனால் தப்பிக்கவில்லை. காகிதம் இல்லையென்றால் கேட்டிருக்க வேண்டும், அல்லது இந்த முடிவில் நான் சேரவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதுவும் பதிவாகவில்லை.

இது மினிட்ஸ் இருந்து சிக்கிய கதை. இல்லாமல் சிக்கிய கதைக்கு நம் நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2011ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று போதும். கிங்ஸ்டன் கம்ப்யூட்டர்ஸ் என்ற நிறுவனம் திருவாங்கூர் ஸ்டேட் வங்கி மேல் பணம் கேட்டு வழக்குப் போட்டது. வழக்கு மனுவில் ஒருவர் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திட்டிருந்தார். உங்களுக்கு அதிகாரம் தந்தது யார் என்று கேட்டபோது தலைமை நிர்வாகியின் கடிதம் ஒன்றைக் காட்டினார். அந்தத் தலைமை நிர்வாகிக்கு இன்னொருவரிடம் அதிகாரத்தை ஒப்படைக்கும் உரிமையைக் கொடுத்தது யார்? அதற்கான குழுத் தீர்மானம் எதுவும் நீதிமன்றத்தின் முன் வரவில்லை. கடிதம் வெற்றுக் காகிதம் என்றாகி, வழக்கு விழுந்தது.

ஐக்கிய வங்கி எதிர் நரேஷ்குமார் வழக்கில், 1996இல், இதே உச்ச நீதிமன்றம் இதைவிடத் தாராளமாக நடந்துகொண்டது உண்மைதான். கையெழுத்திட்டவரின் அதிகாரத்தில் குறை இருந்தாலும், நிறுவனம் தன் நடத்தையால் அதைப் பின்னால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாம், நியாயமான கோரிக்கையை நடைமுறைக் குறைக்காகத் தள்ளிவிடக் கூடாது என்றது. ஆனால் எந்த நீதிபதி எந்தத் தீர்ப்பைப் பின்பற்றுவார் என்று பந்தயம் கட்டுவதைவிட அரைப் பக்கம் ஒழுங்காக எழுதுவது மலிவு.

அந்த அரைப் பக்கத்தை எப்படி எழுதுவது? கோயம்புத்தூரில் பம்புக்கான உதிரிப்பாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் என்று வைத்துக்கொள்வோம். மூன்று இயக்குநர்கள்: நிர்வாக இயக்குநரான அண்ணன், அவர் தம்பி, தங்கையின் கணவர். சரக்கு வாங்க மூன்று கோடி ரூபாய் கேஷ் கிரெடிட் வேண்டும். வங்கியின் அனுமதிக் கடிதம் 2025 ஜூன் 9 தேதியிட்டு வந்துவிட்டது. கிளை மேலாளர் போனில் அழைத்து, “சார், போர்டு ரெசல்யூஷன் காப்பி ஒண்ணு குடுத்துடுங்க, மத்தத நாங்க பாத்துக்கிறோம்” என்கிறார். அலுவலகத்தில் பழைய கோப்பிலிருந்து ஒரு வாசகத்தை எடுத்து நீட்டுகிறார்கள்:

“நிறுவனத்தின் தேவைக்காக வங்கியில் கடன் பெறவும், தேவையான ஆவணங்களில் கையெழுத்திடவும் இயக்குநர்களுக்கு அதிகாரம் அளிக்கத் தீர்மானிக்கப்பட்டது.”

படிக்கும்போது குறையே தெரியாது. ஐந்து ஆண்டு கழித்து, தம்பி பிரிந்து போய், கடன் எட்டுக் கோடியாகி, வழக்கு வந்தபின் படித்தால் ஒவ்வொரு சொல்லும் பல்லிளிக்கும். எந்த வங்கி? எவ்வளவு? அதிகாரம் எந்த இயக்குநருக்கு, ஒருவருக்கா மூவருக்குமா? எதை ஈடு வைக்கலாம்? மூன்று கோடிக்குத்தான் சம்மதித்தேன் என்று தம்பி சொன்னால் மறுக்க இந்த வாசகத்தில் ஒன்றும் இல்லை. எட்டுக்கும் சேர்த்துத்தான் என்று அண்ணன் சொன்னால் அதை மறுக்கவும் ஒன்றும் இல்லை.

வாசகத்துக்குப் போகுமுன் அடித்தளத்தைப் பார்க்க வேண்டும். இந்தக் குழுவுக்கு இந்த அதிகாரம் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. நிறுவனத்தின் சங்க விதிகளில், அதாவது ஆர்டிகிள்ஸில், கடன் வாங்குவதற்கு வரம்போ சிறப்பு நிபந்தனையோ இருந்தால் அதுதான் முதலில் பேசும். அடுத்து, கம்பெனிகள் சட்டம் 2013இன் பிரிவு 179(3). கடன் வாங்குவது உட்பட சில முடிவுகளை இயக்குநர்கள் கூட்டம் கூட்டித்தான் எடுக்க வேண்டும் என்கிறது அது. சுற்றறிக்கையாக அனுப்பிக் கையெழுத்து வாங்கும் குறுக்குவழி இதற்குச் செல்லாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூவரும் “ஓகே” போட்டது எந்தக் கணக்கிலும் சேராது. அதே பிரிவின் விளக்கம் ஒரு நிம்மதியும் தருகிறது: கேஷ் கிரெடிட்டில் கூட்ட முடிவு தேவைப்படுவது வங்கியோடு செய்துகொள்ளும் ஏற்பாட்டுக்குத்தான்; அன்றாடம் எடுக்கும் போடும் பணத்துக்கு அல்ல.

பப்ளிக் லிமிடெட் என்றால் பிரிவு 180ஐயும் பார்க்க வேண்டும். மொத்தக் கடன் ஒரு வரம்பைத் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். பிரைவேட் நிறுவனங்களுக்கு 2015 ஜூனில் வந்த அரசு அறிவிக்கை அந்தப் பிரிவிலிருந்து விலக்குத் தருகிறது. ஆண்டறிக்கையும் நிதிநிலை அறிக்கையும் ஒழுங்காகத் தாக்கல் செய்திருந்தால்தான் அந்த விலக்கு நிற்கும். தாக்கல் நிலுவையில் வைத்துக்கொண்டு விலக்கை நம்பிக் கடன் வாங்கும் நிறுவனங்கள் இந்த இடத்தை அடிக்கடி மறந்துவிடுகின்றன.

இரண்டாவது, கூட்டம் முறையாகக் கூடியதா என்பது. ஒவ்வோர் இயக்குநருக்கும் ஏழு நாள் முன்பாவது எழுத்து அறிவிப்புப் போக வேண்டும். நம் உதாரணத்தில் ஜூன் 11 அன்று அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பி, ஜூன் 20 அன்று கூடுகிறார்கள். கோரம் என்பது மூன்றில் ஒரு பங்கு அல்லது இருவர், இதில் எது பெரிதோ அது. மூவரில் மூன்றில் ஒரு பங்கு ஒருவர்தான்; ஆகவே இருவர் வேண்டும். மூன்றாமவர் வரவில்லையென்றாலும் அறிவிப்பு அவருக்குப் போயிருக்க வேண்டும். “அவர் எப்படியும் வர மாட்டார்” என்று அனுப்பாமல் விட்டால் இருவர் கூடி எடுத்த முடிவும் ஆட்டம் காணும். அறிவிப்போடு தீர்மானத்தின் வரைவு வாசகமும் வங்கிக் கடிதத்தின் நகலும் போனால், ஜேம்ஸ் ஹார்டியின் தொலைபேசி இயக்குநர்கள் நிலை இங்கே யாருக்கும் வராது. ஈடாக வைக்கும் சொத்தில் ஓர் இயக்குநருக்குத் தனிப்பட்ட நலன் இருந்தால் அதை அவர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சொன்னதும், அந்தப் பேச்சின்போது அவர் இருந்தாரா விலகினாரா என்பதும் பதிவாக வேண்டும்.

இப்போது வாசகம். நடைமுறையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். இங்கே தமிழிலேயே எழுதிப் பார்க்கலாம்.

“கூட்டத்தின் முன் வைக்கப்பட்டு, அடையாளத்துக்காகத் தலைவர் சுருக்கொப்பமிட்ட 09.06.2025 தேதியிட்ட வங்கி அனுமதிக் கடிதத்தில் கண்ட நிபந்தனைகளின்படி, அந்த வங்கியின் பீளமேடு கிளையிலிருந்து, எக்காலத்திலும் நிலுவை ரூ.3,00,00,000 (ரூபாய் மூன்று கோடி மட்டும்) என்ற தொகைக்கு மேற்படாத கேஷ் கிரெடிட் வசதியைப் பெற, கம்பெனிகள் சட்டம் 2013இன் பிரிவு 179(3)இன் கீழ் குழு இதன்மூலம் ஒப்புதல் அளிக்கிறது.

மேலும், இந்த வசதிக்கு ஈடாக நிறுவனத்தின் கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பாக்கிகளையும் அடமானமிடக் குழு ஒப்புதல் அளிக்கிறது.

மேலும், நிர்வாக இயக்குநர் திரு. ____, இயக்குநர் திரு. ____ ஆகிய இருவரும் சேர்ந்து, இந்த வசதிக்கான கடன் ஒப்பந்தத்திலும் ஈட்டு ஆவணங்களிலும் நிறுவனத்தின் சார்பில் கையெழுத்திடவும், இந்தத் தீர்மானத்தை நிறைவேற்றத் தேவையான படிவங்களைத் தாக்கல் செய்யவும் அதிகாரம் அளிக்கப்படுகிறது. தொகையையோ ஈட்டையோ கூட்டும் எந்த மாற்றமும் குழுவின் புதிய ஒப்புதலுக்கு உட்பட்டது.”

நீளமாக இருக்கிறதே என்று தோன்றும். ஒவ்வொரு துண்டும் ஒரு பிற்காலக் கேள்விக்கான பதில். “எக்காலத்திலும் நிலுவை” என்பது ஒரு முறை வாங்கும் தொகைக்கும் சுழற்சியில் வந்துபோகும் கடனுக்கும் உள்ள வேறுபாட்டைக் காப்பாற்றுகிறது. அது இல்லையென்றால் இதுவரை எடுத்ததையெல்லாம் கூட்டிப் பார்த்து வரம்பு தாண்டிவிட்டது என்று ஒருவர் வாதிட இடமுண்டு. எண்ணாலும் எழுத்தாலும் தொகை. கடிதத்தின் தேதி. அதில் தலைவரின் சுருக்கொப்பம் இருப்பதால், எந்தக் காகிதத்தைப் பார்த்து முடிவெடுத்தார்கள் என்ற கேள்விக்குக் கோப்பிலேயே விடை கிடைக்கும். பங்குச் சந்தைக்குப் போன அறிவிப்பும் கூட்டத்தில் வைத்த வரைவும் ஒன்றா என்று சிட்னியில் வழக்கறிஞர்கள் மோதிக்கொண்டதற்கு இந்த ஒரு சுருக்கொப்பம் இல்லாததும் ஒரு காரணம்.

கையெழுத்து அதிகாரத்தில் பெரும்பாலோர் வழுக்கும் இடம் “இன்னாரும் இன்னாரும்” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடுவது. இருவரும் சேர்ந்தா, இருவரில் எவரும் தனித்தா? வங்கி தனக்கு வசதியானபடி படித்துக்கொள்ளும். தகராறு வந்தால் மற்றவர் வேறு விதமாகப் படிப்பார். “சேர்ந்து” அல்லது “தனித்தோ சேர்ந்தோ” என்று எழுதிவிட வேண்டும். பெயரோடு பதவியையும் எழுதுவது நல்லது. பதவியை மட்டும் எழுதினால் அன்றைக்கு அந்தப் பதவியில் இருந்தது யார் என்று தனியே நிரூபிக்க வேண்டியிருக்கும். பெயரை மட்டும் எழுதினால் அவர் பதவி விலகிய பின்னும் அதிகாரம் தொடர்கிறதா என்ற ஐயம் வரும். கடைசியில் வழக்கமாக வரும் “மற்றும் தேவைப்படும் அனைத்துச் செயல்களையும் செய்ய” என்ற வரி, கோயில் உண்டியல் போல, எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். அதனால்தான் மேலே உள்ள வாசகம் அதை “இந்தத் தீர்மானத்தை நிறைவேற்ற” என்று கட்டிப் போட்டது.

தீர்மானம் ஒன்று, மினிட்ஸ் பதிவு வேறு. தீர்மானம் குழு பேசும் குரல். அதனால் நிகழ்காலத்தில் “அளிக்கிறது” என்று வரும். மினிட்ஸ் நடந்ததைச் சொல்வது. படர்க்கையில், இறந்தகாலத்தில் வரும். இந்தியக் கம்பெனிச் செயலர்கள் நிறுவனம் வெளியிட்ட எஸ்எஸ்-1 என்ற தரநிலை இந்த வேறுபாட்டைக்கூட விதியாக வைத்திருக்கிறது. அந்தத் தரநிலையைப் பின்பற்றச் சட்டத்தின் பிரிவு 118 கட்டளையிடுகிறது. கூட்ட வரிசை எண், நாள், இடம், தொடங்கிய முடிந்த நேரம், வந்தவர்கள் பெயர், காணொலியில் வந்தவர் யார், கோரம் இருந்ததா என்பன தலைப்பகுதியில் இடம்பெறும். அதன் பிறகு நம் கடனுக்கான பதிவு இப்படி இருக்கலாம்:

“மூலப்பொருள் கொள்முதலுக்கான நடைமுறை மூலதனத் தேவையை நிர்வாக இயக்குநர் விளக்கினார். 09.06.2025 தேதியிட்ட வங்கி அனுமதிக் கடிதம் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டது. வட்டி வீதத்தையும் ஈட்டு நிபந்தனைகளையும் குழு பரிசீலித்தது. வரம்பை இரண்டு கோடியாகக் குறைக்கலாம் என்று இயக்குநர் திரு. ____ கருதினார். விவாதத்துக்குப் பின் கீழ்க்கண்ட தீர்மானம் நிறைவேற்றப்பட்டது, திரு. ____ மாறுபட்டு வாக்களித்தார்.”

அண்ணன் என்ன சொன்னார், தம்பி என்ன பதில் சொன்னார் என்ற வசனம் இங்கே தேவையில்லை. எந்தத் தாளைப் பார்த்தார்கள், எதை எடைபோட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பது போதும். மறுத்தவர் பெயரை எழுதுவதைக் குடும்ப நிறுவனங்கள் அநாகரிகமாக நினைக்கின்றன. “எல்லாரும் நம்மவங்கதானே, எதுக்கு மாப்பிள்ளை பேரை எழுதணும்” என்பார்கள். எழுதாவிட்டால் மாப்பிள்ளையும் சம்மதித்தவராகவே பிற்காலத்தில் நிற்பார். பிரிவு 118இன்படி முறையாக எழுதிய மினிட்ஸ் சான்றாக ஏற்கப்படும், மாறாக நிரூபிக்கும் வரை அதில் உள்ளது நடந்ததாகவே கொள்ளப்படும்.

அடுத்தது கால அட்டவணை. கூட்டம் முடிந்த 15 நாளுக்குள் மினிட்ஸ் வரைவு எல்லா இயக்குநர்களுக்கும் போக வேண்டும், அவர்கள் கருத்துச் சொல்ல ஏழு நாள், 30 நாளுக்குள் மினிட்ஸ் புத்தகத்தில் ஏற வேண்டும். நம் கணக்கில் கடைசி நாள் ஜூலை 20. பக்கங்களுக்குத் தொடர் எண் உண்டு. தலைவர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பமிட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியும் இடமும் எழுதிக் கையெழுத்திடுவார். தனித்தாளை ஒட்டக் கூடாது. புத்தகத்தில் ஏறியபின் ஒரு சொல்லை மாற்றுவதானாலும் அடுத்த கூட்டத்தில் குழுவின் வெளிப்படையான ஒப்புதல் வேண்டும்.

வங்கி மேலாளர் இத்தனை நாள் காத்திருக்க மாட்டார் அல்லவா? இதற்கும் எஸ்எஸ்-1 வழி வைத்திருக்கிறது. மினிட்ஸிலிருந்து எடுக்கும் பகுதியை அது புத்தகத்தில் ஏறிய பிறகுதான் தரலாம். தீர்மானத்தின் முழு வாசகமும் கூட்டத்தின் முன் வைக்கப்பட்டிருந்தால் மட்டும் அதன் சான்றிட்ட நகலை முன்கூட்டியே கொடுக்கலாம். வரைவை அறிவிப்போடு அனுப்பச் சொன்னதன் இன்னொரு பயன் இது. கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசிவிட்டு, அன்று மாலையே அலுவலகத்தில் ஒரு வாசகத்தை எழுதிச் சான்றிட்டு வங்கிக்குக் கொடுத்துவிட்டால், பிறகு மினிட்ஸில் வேறு வாசகம் ஏறும். தணிக்கையாளர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கும் நாளில் எது குழுவின் முடிவு என்று யாராலும் சொல்ல முடியாது.

பிற்காலச் சரிபார்ப்பில் போலி எப்படி வெளிப்படுகிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியது. பின்தேதியிட்ட மினிட்ஸ் தன்னையே காட்டிக்கொடுக்கும். ஜூன் 5 கூட்டத்தில் ஜூன் 9 கடிதம் “முன் வைக்கப்பட்டது” என்றிருக்கும். அன்று இயக்குநராகவே சேராதவர் வந்ததாக எழுதியிருக்கும். கையெழுத்திட்டவரின் கடவுச்சீட்டில் அன்று அவர் வெளிநாட்டில் இருந்ததற்கான முத்திரை இருக்கும். கணினிக் கோப்பு உருவான தேதி, வரைவை அனுப்பிய மின்னஞ்சல் என்று இப்போது சாட்சிகள் பெருகிவிட்டன. மினிட்ஸில் கைவைத்ததாக நிரூபணமானால் பிரிவு 118 இரண்டாண்டு வரை சிறையும், 25,000 ரூபாய் முதல் ஒரு லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது.

பின்தேதியிடத் தூண்டுவது பெரும்பாலும் களவு எண்ணம் அல்ல, பதற்றம்தான். ஆவணத்தில் கையெழுத்தாகிவிட்டது, கூட்டம் போட மறந்துவிட்டது. இதற்கு நேரான வழி உண்டு என்பதை 1973இல் பரமேஸ்வரி பிரசாத் குப்தா வழக்கு காட்டியது. ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு 1953 டிசம்பர் 16 அன்று கூடிப் பொது மேலாளரை வேலையிலிருந்து நீக்கியது. ஓர் இயக்குநருக்கு அறிவிப்புப் போகவில்லை. ஆகவே அந்தத் தீர்மானம் செல்லாது. ஆனால் டிசம்பர் 23 அன்று முறையாகக் கூடிய குழு, எடுத்த நடவடிக்கையை உறுதிசெய்தது. அந்தப் பின்னேற்பு முதல் நாளிலிருந்தே நடவடிக்கையைச் செல்லத்தக்கதாக்கிவிட்டது என்றது உச்ச நீதிமன்றம்.

கோவை நிறுவனத்திலும் கூட்டத்துக்கு முன்பே ஜூன் 13 அன்று ஒப்பந்தத்தில் அண்ணன் தனியாகக் கையெழுத்திட்டிருந்தால் தேதியைத் திருத்த வேண்டாம். ஜூன் 20 கூட்டத்தில், அந்த நாளோடு, உள்ளதை உள்ளபடி எழுதலாம்: “குழுவின் முன் ஒப்புதல் இன்றி நிர்வாக இயக்குநர் 13.06.2025 அன்று கையெழுத்திட்ட, இக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட கடன் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைக் குழு பரிசீலித்து, அந்தச் செயலை அன்றைய தேதியிலிருந்தே பின்னேற்பு செய்து உறுதிப்படுத்துகிறது.” பின்னேற்பு குழுவின் அதிகாரத்துக்குள் இருந்த செயலை மட்டுமே காக்கும். பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் தேவைப்பட்ட கடனாக இருந்தால், இயக்குநர்கள் எத்தனை முறை கூடி உறுதிப்படுத்தினாலும் அதற்குப் பொதுக்கூட்டம் கூட்டியே ஆக வேண்டும்.